வேர்க்கும் சட்டி, ஒழுகும் சட்டி: ஒரு மண்பாண்டக் கடைக்கு 38 நொடி வீடியோ எடுத்த விவரம்

சேரன்மகாதேவியைத் தாண்டி அம்பாசமுத்திரம் சாலையில் போனால், காருகுறிச்சிப் பக்கத்துச் சூளைகளில் வெந்த சட்டி பானைகளை அடுக்கி வைத்து விற்கும் கடைகள் கண்ணில் படும். அப்படி ஒரு சின்னக் கடைக்குத்தான் இந்த வேலை. முன்னால் தகரக் கொட்டகை, பின்னால் வீடு. அண்ணாச்சி, மதினி, அண்ணாச்சியின் அம்மாவான ஆச்சி ஆகிய மூவர்தான் கடை. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், போடவில்லை.

தை பிறந்து பொங்கல் பானை விற்று முடிந்ததும் இந்த வியாபாரம் படுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சட்டி காயாது, சரக்கு குறைவு. மாசி, பங்குனியில் சரக்கு நிறைய இருக்கும், ஆள் வராது. அந்த மாசி மாதத்தில்தான் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். “தம்பி, எல்லாரும் ரீல்ஸ் போடுதாவ. நமக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க. செலவு மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

நான் பாளையங்கோட்டையில் கல்யாண வீடியோ எடுப்பவன். கடை வீடியோ எனக்கும் புதிது. அதனால் முதல் முறை நான் செய்ததெல்லாம் கல்யாண வீடியோவின் பழக்கத்தில் செய்தது. அதில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அந்த முதல் வீடியோ எங்கே கழன்றது என்று பார்த்த பிறகுதான் மற்றது புரிந்தது.

முதல் வீடியோ

மொத்தம் 62 நொடி. தாமிரபரணியில் காலை வெயில், பிறகு கடைப் பெயர் சுழன்று வரும் எழுத்து, பின்னணியில் நாதஸ்வரம். ஊர் காருகுறிச்சியாயிற்றே, நாதஸ்வரம் இல்லாமல் எப்படி என்று நானே நினைத்துக்கொண்டேன். அடுத்து சக்கரத்தில் மண் சுழல்வது, சூளைப் புகை, கடையில் அடுக்கிய சட்டிகள். கடைசியில் அண்ணாச்சி கைகூப்பி, “எங்ககிட்ட எல்லா வகையான மண்பாண்டங்களும் கிடைக்கும், தமிழ்நாடு முழுவதும் அனுப்பி வைப்போம், உடனே ஆர்டர் பண்ணுங்க, லிங்க் கீழே, நன்றி வணக்கம்” என்றார்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. யூடியூப் ஷார்ட்ஸிலும் இன்ஸ்டாகிராம் ரீல்ஸிலும் போட்டோம். ஒரு வாரத்தில் மூன்று பேர் விசாரித்தார்கள். ஒருவரும் வாங்கவில்லை.

யூடியூப் ஸ்டுடியோவில் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு கோடு காட்டுவார்கள். எந்த நொடியில் எத்தனை சதவீதம் பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதைக் காட்டும் கோடு. கடை வீடியோ எடுப்பவர்கள் லைக்கை விட்டுவிட்டு இதைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் கோடு நாலாவது நொடியிலேயே பாதிக்குக் கீழே விழுந்திருந்தது. அந்த நாலு நொடியில் திரையில் இருந்தது ஆறும் கடைப் பெயரும். பிறகு சக்கரம் சுழலும் இடத்தில் கோடு கொஞ்சம் நிதானித்தது. அண்ணாச்சி கைகூப்பியதும் செங்குத்தாக இறங்கிவிட்டது. அதாவது ‘லிங்க் கீழே’ என்று அவர் சொன்னபோது கேட்க அங்கே ஆளே இல்லை.

கோடு விழக்கூடிய இடம் மூன்று, மூன்றும் தனித்தனி நோய். தொடக்கத்தில் விழுந்தால் பார்ப்பவரை நிறுத்தும் கொக்கி இல்லை என்று பொருள். தொழிலில் ஹூக் என்பார்கள், எனக்குக் கொக்கி என்று சொல்வதுதான் வசதி. நடுவில் சரிந்தால் காட்டும் செய்முறையில் பார்ப்பவருக்கு வேண்டியது எதுவும் இல்லை. கடைசியில் ஒரே இடத்தில் விழுந்தால், ‘முடிந்துவிட்டது’ என்று நாமே அறிவித்துவிட்டோம்.

மதினியின் நோட்டு

அடுத்த வீடியோவுக்கு அவசரப்படாமல் மூன்று வாரம் காத்திருந்தோம். மதினியிடம் ஒரு நோட்டு கொடுத்து, கடைக்கு வருகிறவர்கள் கேட்பதை எழுதச் சொன்னேன். முதலில் அவர் எல்லாக் கேள்வியையும் எழுதினார். பக்கம் பக்கமாக ‘என்ன விலை’. அது எல்லோரும் கேட்பது, வாங்குகிறவரும் கேட்பார், வாங்காதவரும் கேட்பார். அதனால் வேறு மாதிரிச் சொன்னேன்: வாங்காமல் போகிறவர், போவதற்கு முன் கடைசியாக என்ன கேட்டார் என்பதை மட்டும் எழுதுங்கள்.

அப்போது நோட்டு பேச ஆரம்பித்தது. ‘கேஸ் அடுப்பில் வைத்தால் வெடிக்குமா’ என்பது அடிக்கடி வந்தது. அதைவிட அதிகமாக வந்தது ‘ஒழுகுமா’. ‘போன தடவை வேற இடத்துல வாங்கினேன், ஒழுகிச்சு’ என்று சொல்லிவிட்டுப் போனவர்களே பாதிப் பேர். மதினி இன்னொன்றையும் நோட்டின் ஓரத்தில் எழுதியிருந்தார். ஒழுகுகிறது என்று திருப்பிக் கொண்டுவந்த நாலு சட்டியை அந்த மாதம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நாலும் நல்ல சட்டி.

“நல்ல சட்டியா? பிறகு ஏன் அண்ணாச்சி மாத்திக் குடுத்திய?”

“வாசல்ல நின்னு சத்தம் போட்டா என்ன செய்ய? மத்த ஆளும்லா போயிருதாவ.”

திண்ணையில் உட்கார்ந்து பிரிமணை சுற்றிக்கொண்டிருந்த ஆச்சி தலையைத் தூக்காமலே சொன்னார்: “புதுச் சட்டி வேர்க்கத்தான்ல செய்யும். வேர்த்தா அது சட்டி. ஒழுகுனா ஓட்டாஞ்சில்லு.”

வீடியோ அந்த இடத்தில் கிடைத்துவிட்டது. நான் இரண்டு நிமிடம் வேறெதுவும் பேசவில்லை.

விஷயம் இதுதான். மெருகு பூசாத மண்சட்டி முழுக்க நுண்துளை. புதுச் சட்டியில் தண்ணீர் ஊற்றினால் அந்தத் துளைகள் வழியே ஈரம் வெளிப்பக்கம் வரும், சட்டி முழுக்கப் பரவலாக நிறம் மாறும், கையை வைத்தால் சில்லென்று இருக்கும். இது வேர்வை. விரிசல் விட்ட சட்டியில் ஈரம் ஒரே கோடாக வரும், அதுவும் சீக்கிரம் வரும், கோட்டின் கீழ் முனையில் சொட்டி அடியில் குளம் கட்டும். இது ஒழுகல். அரிசிக் கஞ்சி வைத்துச் சில நாள் பழக்கினால் கஞ்சியின் பசை துளைகளை அடைத்துக்கொள்ளும், வேர்வை வெகுவாகக் குறையும். விரிசலைக் கஞ்சி அடைக்காது. வாங்க வருகிறவருக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தெரியாத வரைக்கும் எல்லாச் சட்டியும் அவருக்கு ஓட்டைச் சட்டி.

ஒரு வீடியோவுக்கு ஒரு சந்தேகம் போதும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். கொக்கி அந்தச் சந்தேகத்தைக் கண்ணுக்குக் காட்ட வேண்டும், செய்முறை அதைத் தீர்க்க வேண்டும், சந்தேகம் தீர்ந்த ஆள் அடுத்து என்ன செய்வாரோ அதையே கடைசி அழைப்பு கேட்க வேண்டும். மூன்றும் ஒரே நூல். கேஸ் அடுப்புக் கேள்வியையும் இதிலேயே சேர்த்துவிடலாமே என்று அண்ணாச்சி ஆசைப்பட்டார். அது தனி வீடியோ என்று தள்ளிவைத்தோம்.

கொக்கி: காதுக்குப் போட்டது கழன்றது

ஆச்சி சட்டி பார்ப்பது தட்டித்தான். இடது உள்ளங்கையில் சட்டியைக் கவிழ்த்து ஏந்தி, வலக்கை விரல் முட்டியால் ஒரு தட்டு. நன்றாக வெந்து விரிசல் இல்லாத சட்டி ‘ணங்’ என்னும். விரிசல் இருந்தால் ‘டொக்’. இதைவிட நல்ல தொடக்கம் உண்டா என்று, இரண்டு சட்டியைத் தட்டி “எது நல்ல சட்டி, சொல்லுங்க பாப்போம்” என்று ஆச்சி கேட்பதையே முதல் மூன்று நொடியாக வைத்து ஒரு வீடியோ எடுத்தேன்.

இரண்டு கோளாறு. ஒன்று, சாலையில் பஸ் சத்தம் வருகிறதே என்று காலர் மைக்கில் இரைச்சல் குறைக்கும் பொத்தானைப் போட்டிருந்தேன். அது பஸ்ஸோடு ‘ணங்’கையும் சேர்த்து விழுங்கிவிட்டது. சட்டென்று அடித்து ஓயும் ஒலியை அந்தக் கருவி இரைச்சல் என்றே எடுத்துக்கொள்கிறது. வீட்டுக்கு வந்து கேட்டால் இரண்டு சட்டியும் ‘டொக்’. பொத்தானை அணைத்துவிட்டு, பஸ் ஓயும் விடியற்காலையில் திரும்ப எடுத்தேன், ஒலி சரியாக வந்தது. ஆனாலும் கோடு மூன்றாவது நொடியில் விழுந்தது.

காரணம் மதினிதான் சொன்னார். “நான் பஸ்ல சவுண்டு வச்சா பாப்பேன்? பக்கத்துல இருக்கவ திட்ட மாட்டாளா?” உண்மைதான். ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கும் ஆளுக்கு அந்த மூன்று நொடியில் தெரிவது, ஒரு வயதான கை இரண்டு சட்டியைத் தட்டுவது. அதில் கேள்வியே இல்லை. ஒலியில் மட்டும் இருக்கும் கொக்கி பாதிப் பேரைப் பிடிக்காது. படத்திலேயே கேள்வி இருக்க வேண்டும், ஒலி வந்தால் அதற்கு மேல்.

படத்தில் கேள்வி என்றால் ஈரம்தான். இரண்டு சட்டி பக்கத்தில் பக்கத்தில், இரண்டிலும் தண்ணீர். ஒன்று உடம்பெல்லாம் நனைந்து நிறம் மாறியிருக்கிறது. இன்னொன்று காய்ந்தாற்போலத்தான் இருக்கிறது, ஒரே ஒரு கோடு மட்டும் ஈரம். பார்த்த உடனே நம் கண் நனைந்த சட்டியைத்தான் ஓட்டை என்று நினைக்கும். தப்பான பதில். அந்தத் தப்புதான் கொக்கி. மேலே எழுத்து: ‘ரெண்டுல எது ஓட்டைச் சட்டி?’ வணக்கம் கிடையாது, கடைப் பெயர் கிடையாது. மூன்றாவது நொடியில் ஆச்சியின் விரல் நனைந்த சட்டியைக் காட்டி, “இது நல்ல சட்டி” என்கிறது. ‘எப்படி?’ என்று தோன்றிய ஆள் இனி போகமாட்டார்.

இங்கேயும் ஒரு தடவை சறுக்கினேன். வெடித்த சட்டியின் அடியில் தண்ணீர் குளம் கட்டுவதுதான் சாட்சி. அது என் சட்டகத்தின் அடியில் இருந்தது. போட்ட பிறகு போனில் பார்த்தால், அந்த இடத்தில்தான் கணக்கின் பெயரும் விவர வரியும் உட்கார்ந்திருக்கின்றன, வலது ஓரத்தில் லைக், ஷேர் பொத்தான்கள். குளம் யாருக்கும் தெரியவில்லை. நெடுக்கு வீடியோவில் அடிப்பகுதியும் வலது ஓரமும் நமக்குச் சொந்தமில்லை. சட்டிகளை மேலே தூக்கி, சட்டகத்தின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்து மறுபடி எடுத்தேன். எழுத்தையும் அதே நடுப்பகுதியின் மேல்புறம் வைத்தேன். ஒரு மூச்சில் படிக்க முடிகிற அளவுக்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

சட்டியின் நிறமும் முக்கியம். கறுப்புச் சட்டியில் ஈரம் தெரியாது. சிவப்புச் சட்டியில் நனைந்த இடம் அடர்ந்து தெரியும். வெளிச்சம் நேரே முன்னால் இருந்து விழுந்தாலும் ஈரம் மங்கிவிடும். கொட்டகையின் கிழக்குப் பக்கம் தட்டியை ஒதுக்கி, காலை வெயில் சாய்வாக விழும்படி வைத்ததும் ஈரக்கோடு மினுங்கியது.

செய்முறை: வெட்டக் கூடாத இடம்

கேள்வி போட்டாயிற்று, இனி பதில். இங்கே ஒரு சிக்கல் உண்டு. நல்ல சட்டி முழுக்க வேர்க்க அன்றைக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. வீடியோவில் நமக்கு ஆறு ஏழு நொடிதான். வழக்கமாக என்ன செய்வோம்? தண்ணீர் ஊற்றுவதை எடுப்போம், வெட்டுவோம், நனைந்த சட்டியை எடுப்போம். வெட்டிய அந்த இடத்தில்தான் பார்ப்பவரின் நம்பிக்கையும் வெட்டுப்படும். நடுவில் சட்டியை மாற்றியிருப்பான் என்று நினைப்பார். நினைப்பதில் தப்பில்லை, ஊரில் அப்படி எத்தனையோ வீடியோ இருக்கிறது.

அதனால் போனை முக்காலியில் கட்டி, இரண்டு சட்டியிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் ஊற்றி, கால் மணி நேரத்தை ஒரே ஓட்டமாக எடுத்து வேகப்படுத்தினேன். பின்னால் சுவரில் கடைக் கடிகாரம் தெரியும்படி வைத்தேன். முள் நகர்வது தெரியும், சட்டியை யாரும் தொடவில்லை என்பதும் தெரியும். இதற்கு முன்னால் போன் திரையில் சட்டியின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் ஃபோக்கஸையும் பூட்டிவிட வேண்டும். முதல் தடவை பூட்டவில்லை. மேகம் போய் வந்தபோதெல்லாம் போன் தானாக வெளிச்சத்தை ஏற்றி இறக்கி, வேகப்படுத்திய பிறகு சட்டி மின்மினிப்பூச்சி மாதிரி மினுக்கியது. ஈரம் படர்கிறதா, வெளிச்சம் மாறுகிறதா என்றே தெரியவில்லை.

இதோடு நிறுத்தினால் பார்ப்பவருக்குப் பாதிப் பதில்தான். ‘சரி, வேர்க்கும். வேர்த்துக்கொண்டே இருந்தால் நான் எப்படிச் சமைக்க?’ அதனால் பழக்குவதையும் காட்ட வேண்டியிருந்தது. ஆச்சியின் முறை எளிது. புதுச் சட்டியை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் முக்கிப் போடுவார். எடுத்து நிழலில் காய வைப்பார். பிறகு அரிசி களைந்த தண்ணீரையோ வடிகஞ்சியையோ ஊற்றி, சிறு தீயில் கொதிக்க வைத்து, தானாக ஆறவிட்டுக் கொட்டுவார். தினம் ஒரு தடவை. சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஈரத் தரையில் வைக்கக் கூடாது, பிரிமணையில்தான் வைக்க வேண்டும். இவ்வளவையும் வீடியோவில் சொன்னால் இரண்டு நிமிடம் ஆகும். ‘தினம் ஒரு தடவை கஞ்சி’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வாட்ஸப் பதிலுக்குத் தள்ளினோம்.

மூன்று நாளில் சரியாகிவிடும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் கேமராவோடு போனேன். தண்ணீர் ஊற்றினால் அடிப்பகுதியில் இன்னும் லேசாக ஈரம். “துடைச்சிட்டு எடுங்க தம்பி, யாருக்குத் தெரியப் போவுது” என்றார். ஆச்சி விடவில்லை. வாங்கிக்கொண்டு போகிறவர் வீட்டில் மூன்றாம் நாள் ஈரம் இருந்தால், மறுபடி சட்டி வாசலுக்குத்தானே வரும். இன்னும் இரண்டு நாள் கஞ்சி வைத்து, ஐந்தாம் நாள் எடுத்தோம். வெளிப்பக்கம் காய்ந்திருந்தது. வீடியோவிலும் ஐந்து நாள் என்றே எழுதினோம். மண்ணும் சூளைச் சூடும் மாறினால் ஒரு நாள் கூடலாம், குறையலாம் என்று ஆச்சி சொன்னார். அதையும் பதிலில் சேர்த்தோம்.

முதல் நாள் சட்டியும் ஐந்தாம் நாள் சட்டியும் ஒன்றுதான் என்று பார்ப்பவர் எப்படி நம்புவார்? சாக்குக் கட்டியால் குறி போட்டால் தண்ணீரில் அழிந்துவிடும். சூளையில் வேகும்போது சில சட்டியில் புகை படிந்து கறுப்பு மறு விழும். ஒன்றுக்கு விழுந்த மறு இன்னொன்றுக்கு விழாது. அப்படி வயிற்றில் மறு விழுந்த சட்டியை முதலிலேயே தேர்ந்தெடுத்து, எல்லா ஷாட்டிலும் அந்த மறு கேமராவைப் பார்க்கும்படி வைத்தோம். அதைக் கவனித்துக் கருத்தில் எழுதியவர்களும் உண்டு. வியாபாரிக்கு அதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?

பேசியது ஆச்சிதான், அவர் பேச்சிலேயே. முதலில் நான் எழுதிக் கொடுத்ததை வாசிக்கச் சொன்னேன். ‘நுண்துளைகள் வழியாக நீர் கசிகிறது’ என்று பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பது மாதிரி வந்தது. தாளை வாங்கி வைத்துவிட்டு, திருப்பிக் கொண்டுவந்த பொம்பளைக்கு என்ன சொல்வீர்களோ அதைச் சொல்லுங்கள் என்றேன். “எம்மா, இது வேர்க்கு. பிள்ளை வெயில்ல போனா வேர்க்காதா, அது மாதிரி” என்றார். ஒரே டேக்.

அழைப்பு: கடைக்குத் தாங்குகிற அளவுக்கு

முதல் வீடியோவின் அழைப்பில் இருந்த ஒவ்வொரு வாக்கியமும் தப்பு. ‘எல்லா வகையும் கிடைக்கும்’ என்றால் எதை வாங்குவது என்று தெரியாது. ‘லிங்க் கீழே’ என்றோம், ஆனால் ஷார்ட்ஸின் விவரத்திலும் கருத்திலும் போடும் லிங்கை 2023 ஆகஸ்ட் 31 முதல் யூடியூப் அழுத்த முடியாதபடி செய்துவிட்டது. இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் விவர வரியிலும் லிங்க் வெறும் எழுத்துத்தான். ‘தமிழ்நாடு முழுவதும்’ என்றோம், மண்சட்டியைப் பார்சலில் அனுப்பி உடையாமல் சேர்ப்பது எப்படி என்று கடைக்கு அதுவரை தெரியாது. ‘நன்றி வணக்கம்’ என்றதும் எல்லோரும் போய்விட்டார்கள்.

‘உடனே ஆர்டர் பண்ணுங்க’ என்பது முதல் தடவை பார்க்கும் ஒருவரிடம் கேட்க ரொம்பப் பெரிய விஷயம். அளவு தெரியாது, விலை தெரியாது. அதற்குப் பதிலாக, அவருக்கு யோசிக்காமலே பதில் தெரிந்த ஒன்றைக் கேட்டோம்: “ஒங்க வீட்டுல எத்தனை பேரு? அதை மட்டும் வாட்ஸப்ல அனுப்புங்க.” ஒரே ஓர் எண். அது வந்ததும் கடைக்கு வேண்டியது முழுக்கக் கிடைத்துவிடுகிறது. மூன்று பேர் என்றால் ஒன்றரை லிட்டர் குழம்புச் சட்டி, ஐந்து பேர் என்றால் இரண்டரை லிட்டர். வாட்ஸப் பிசினஸ் செயலியில் விரைவுப் பதில்களைச் சேமித்து வைக்கலாம், சாய்கோடு போட்டுச் சுருக்கெழுத்தை அடித்தால் முழுப் பதிலும் வரும். மதினி `/3`, `/5` என்று இரண்டு வைத்திருக்கிறார். அளவு, படம், விலை, பழக்கும் முறை எல்லாம் அதில் இருக்கிறது.

லிங்க் கணக்கின் முகப்பில் இருக்கிறது. அது இந்த வடிவம்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=satti
```

நாட்டு எண் 91 முன்னால் வரும், கூட்டல் குறியோ பூஜ்யமோ கூடாது. `text=` என்பதற்குப் பின் எழுதியது வாடிக்கையாளரின் பெட்டியில் முன்கூட்டியே விழுந்திருக்கும். அந்தச் சொல்லோடு வருகிற செய்தி வீடியோ பார்த்து வந்தது என்று நமக்கும் தெரிந்துவிடும். ஆனால் முகப்புக்குப் போகிறவர் கொஞ்சம்தான். மற்றவர்களுக்குத் திரையில் எண் வேண்டும். முன்பு இரண்டு நொடி காட்டினேன், பத்து இலக்கத்தை அதற்குள் யாராலும் எடுக்க முடியாது. இப்போது கடைசி ஒன்பது நொடியும் எண் அப்படியே நிற்கிறது, ஐந்து ஐந்தாகப் பிரித்து, படிக்கச் சுலபமாக.

அந்த ஒன்பது நொடியில் படம் நிற்கவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். அதே மறு விழுந்த சட்டியில் மீன் குழம்பு கொதிக்கிறது, ஆச்சி அகப்பையால் எடுத்துச் சோற்றில் ஊற்றுகிறார், அதன் மேல் கேள்வியும் எண்ணும். செய்முறையின் முடிவும் அழைப்பும் ஒரே ஷாட். முடியப்போகிறது என்று எங்கும் தெரியாததால் கோடு முன்பு மாதிரி செங்குத்தாக விழவில்லை, சரிந்துதான் இறங்கியது.

கூடவே இரண்டு வரி சின்ன எழுத்தில். ‘நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் உள்ளவர்களுக்கு.’ ‘சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பதில் வரும்.’ இரண்டாவது வரி அனுபவத்தில் வந்தது. அண்ணாச்சி சூளையில் நிற்கும்போது போன் மதினியிடமும் இருக்காது. காலையில் கேட்டவருக்கு ராத்திரி பதில் போனால் அவர் மறந்திருப்பார், நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் காத்திருக்கிறார்.

விலையைத் திரையில் போடுவதா என்று அண்ணாச்சிக்கும் எனக்கும் வாக்குவாதம். பக்கத்துக் கடைக்காரர் பார்த்துப் பத்து ரூபாய் குறைப்பார் என்பது அவர் பயம். நான் விட்டுக்கொடுத்தேன், விலை வாட்ஸப்பில்தான். இன்றைக்கும் அது சரியா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. கருத்துப் பெட்டியில் பாதிக் கேள்வி விலைதான்.

நோட்டில் விழுந்த கணக்கு

கடைசியாக நின்ற வடிவம் 38 நொடி. முதல் 3 நொடி கொக்கி. 8 வரைக்கும் ஆச்சியின் பதில். 20 வரைக்கும் கடிகாரத்தோடு வேர்வை, ஒழுகல். 29 வரைக்கும் கஞ்சியும் ஐந்தாம் நாளும். மிச்சம் 9 நொடி குழம்பும் அழைப்பும்.

போட்டு இரண்டு வாரத்தில் ‘satti’ என்ற சொல்லோடும், வெறும் எண்ணோடும் 31 செய்தி வந்தது. அதில் 14 பேர் கடைக்கு வந்தார்கள், 11 பேர் வாங்கினார்கள். மதினி கல்லாப் பக்கத்தில் நோட்டை வைத்துக்கொண்டு, வருகிறவரிடம் ‘எங்க பாத்திய’ என்று கேட்டு எழுதினார். இது சின்னக் கணக்கு. இடையில் ஒரு ஞாயிறு பக்கத்து ஊரில் கோயில் கொடை, அன்றைக்கு எப்படியும் கூட்டம் வந்திருக்கும். அந்த நாளைக் கழித்துவிட்டுத்தான் நான் எண்ணினேன். பார்வை எண்ணிக்கையை எடுத்தால் முதல் வீடியோவைவிட இது கொஞ்சம்தான் கூட. வித்தியாசம் யார் கடைசி வரைக்கும் பார்த்தார்கள் என்பதில்.

அண்ணாச்சி மகிழ்ந்தது வேறு ஒன்றுக்கு. அதற்கடுத்த மாதம் ஒழுகுகிறது என்று ஒரே ஒரு சட்டிதான் திரும்பி வந்தது. ஆச்சி வாங்கித் தட்டிப் பார்த்தார். ‘டொக்’ என்றது. உடனே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

31 செய்தியில் ஒன்பது சென்னை, கோயம்புத்தூர்ப் பக்கத்தில் இருந்து வந்தவை. சின்ன எழுத்தில் மாவட்டம் போட்டும் கேட்டார்கள். அவர்களுக்கு இப்போதைக்கு இல்லை என்றுதான் பதில் போகிறது. வைக்கோல் திணித்து, சட்டிக்குள் சட்டி வைத்து, இரட்டை அட்டைப் பெட்டியில் மூன்று பார்சல் என் அக்கா வீட்டுக்குச் சென்னைக்கு அனுப்பிப் பார்த்தோம். இரண்டு சேர்ந்தது, ஒன்றில் மூடி உடைந்திருந்தது. மூடியைத் தனியாகச் சுற்றி அடுத்த மூன்று போகிறது. அது முழுசாகச் சேர்ந்த பிறகுதான் பார்சல் வீடியோ. பெட்டியை இடுப்புயரத்தில் இருந்து கீழே போடுவதையே கொக்கியாக வைக்கலாம் என்று அண்ணாச்சி சொல்கிறார். ஆச்சி இன்னும் சம்மதிக்கவில்லை.